பதினைந்து ஆண்டு ஓட வேண்டிய கார்: சின்ன டர்போவா, சாதாரண எஞ்சினா?

மாருதி ஃப்ராங்க்ஸ் வாங்கப் போகிறவர் முன்னால் ஒரே கார் இரண்டு எஞ்சின்களோடு நிற்கிறது. ஒன்று 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் கொண்ட சாதாரண பெட்ரோல் எஞ்சின். இன்னொன்று 1 லிட்டர், மூன்றே சிலிண்டர், ஆனால் டர்போ. உருவத்தில் சின்னதுக்குத்தான் சக்தியும் விலையும் அதிகம். 2023 ஏப்ரலில் இந்தக் கார் சந்தைக்கு வந்தபோது, டெல்டா பிளஸ் என்ற ஒரே ரகத்தில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம் இருந்தது.

நான்கைந்து வருடத்தில் காரை மாற்றிவிடுகிறவருக்கு இதில் பெரிய குழப்பம் இல்லை. ஓட்டிப் பார்த்து, பிக்கப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நம் ஊரில் நிறையக் குடும்பங்கள் கார் வாங்குவது அப்படி அல்ல. ஆர்.சி. முடியும் பதினைந்தாம் வருடம் வரை ஓட்டி, முடிந்தால் எஃப்.சி. காட்டி இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம் என்ற கணக்கில்தான் வாங்குகிறார்கள். நிறுவனத்தின் வாரண்டி மூன்று வருடம். கூடுதல் பணம் கட்டினால் ஆறு வருடம் வரை நீளும். மிச்சம் ஒன்பது வருடமும் எஞ்சினில் எது பழுதானாலும் செலவு நம்முடையது. அந்த ஒன்பது வருடத்தை மனத்தில் வைத்து இந்த இரண்டு எஞ்சின்களையும் பார்த்தால், டெஸ்ட் டிரைவில் தெரியாத சில விஷயங்கள் தெரியவரும்.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. வெளிக்காற்று தன் சொந்த அழுத்தத்தால் உள்ளே போகிறது. அதற்கு மேல் ஒரு மூச்சுகூடக் கூடுதலாகப் போகாது. டர்போவில், வெளியேறும் புகையின் வேகம் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட்டலாம். அதனால் ஒவ்வொரு வெடிப்பிலும் வலு கூடும்.

ஃப்ராங்க்ஸ் கணக்கை எடுத்துக்கொள்வோம். 1.2 எஞ்சினின் இழுவிசை 113 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,400 சுற்று சுற்றும்போதுதான் முழுதாகக் கிடைக்கும். டர்போவில் அது 148. 2,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு என்று பிரித்துப் பார்த்தால், சாதாரண எஞ்சின் 94 தருகிறது, டர்போ 148 தருகிறது. முழு வேகத்தில் மிதிக்கும்போது டர்போவின் ஒவ்வொரு பிஸ்டனும், பேரிங்கும், கேஸ்கட்டும் தன் அளவுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் சுமை தாங்குகிறது என்று அர்த்தம். இதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. அந்தச் சுமைக்கு ஏற்றபடிதான் பொறியாளர்கள் பாகங்களை உறுதியாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் எண்ணெயும் குளிர்விப்பும் ஒழுங்காக இருக்கும் என்று நம்பித்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நீண்ட காலம் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

டர்போ என்றதும் மெக்கானிக் கடையில் முதலில் எழும் பயம், 'டர்போ போய்விட்டால் என்ன செய்வது' என்பது. அந்தத் தண்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கட்டை விரல் கனம்கூட இல்லாத ஓர் உருக்குத் தண்டு. சிறிய டர்போக்களில் அது நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலும். ஒரு முனையில் பெட்ரோல் புகை. கடுமையாக மிதிக்கும்போது அதன் வெப்பம் 900 டிகிரியைத் தாண்டும். மறுமுனையில் சாதாரண வெளிக்காற்று. நடுவில் அந்தத் தண்டைத் தாங்குவது பால் பேரிங் அல்ல. பெரும்பாலான கார்களில் அது எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலம்தான். தண்டு உலோகத்தைத் தொடாமல் எண்ணெயில் மிதந்து சுழல்கிறது. அந்த எண்ணெய் தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் ஒரு குடும்பக் காரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், ஏசி, டிக்கி நிறையச் சாமான். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே ஏறி வந்து, டீக்கடை கண்டதும் ஓரம்கட்டிச் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறார்கள். எஞ்சின் நின்றதும் ஆயில் பம்பும் நின்றுவிடுகிறது. டர்போ சக்கரத்தில் தேங்கிய வெப்பம் மெல்லத் தண்டு வழியே பேரிங்குக்குள் இறங்குகிறது. அங்கே ஓடாமல் நிற்கும் எண்ணெய் வெந்து கரியாகிறது. ஒரு தடவையில் ஒன்றும் ஆகிவிடாது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் அந்தக் கரி எண்ணெய் வரும் சின்னக் குழாயை அடைக்கும், பேரிங்கையும் உராயும்.

இன்றைய டர்போக்களில் நடுப்பகுதியைச் சுற்றிக் கூலன்ட் ஓடுகிறது. எஞ்சின் நின்ற பிறகும் சூட்டினாலேயே அந்த நீர் நகர்ந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும்படி குழாய்களை வைத்திருக்கிறார்கள். பழைய டீசல் கார்களுக்குச் சொன்னது போல மூன்று நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்க வேண்டும் என்பது இப்போது தேவையில்லை. ஊருக்குள் ஓட்டி வந்து நிறுத்தும்போது அப்படியே அணைக்கலாம். மலையேற்றத்துக்குப் பிறகும், நான்கு வழிச்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து டோல் தாண்டி ஓட்டலில் நிறுத்தும்போதும் மட்டும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓட விட்டு அணைத்தால் போதும். காரில் உள்ளவர்கள் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் அந்த நிமிடம் போய்விடும்.

டர்போ கெட்டுப்போகத் தொடங்கினால் முன்னறிவிப்பு இல்லாமல் போகாது. கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு ஆக்சிலரேட்டரைத் தட்டினால் நீலப் புகை வரும். முன்பு கேட்காத ஒரு விசில் சத்தம், மிதிக்க மிதிக்கக் கூடும். இரண்டு சர்வீசுக்கு நடுவில் ஆயில் குறையும். ஏற்றத்தில் பழைய இழுவை இருக்காது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முதலில் ஆயில் வரும் குழாயையும் காற்றுக் குழாய்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும். குழாய் அடைப்பைச் சரிசெய்யாமல் புது டர்போவை மாட்டினால் அதுவும் அதே கதிக்கு ஆளாகும்.

இவ்வளவு சொன்ன பிறகும், சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் பெயர் கெட்டுப்போன இரண்டு பெரிய கதைகளை எடுத்துப் பார்த்தால், இரண்டிலும் உடைந்தது டர்போ அல்ல.

முதல் கதைக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஃபோர்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் 2012, 2013, 2014 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சின் என்ற சர்வதேச விருதை வாங்கியது. மறைமலை நகர் ஆலையில் தயாரான ஈகோஸ்போர்ட்டில் 2013 முதல் அது வந்தது. அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட்டும் சென்னையில் பொருத்தப்பட்டதுதான். இந்த எஞ்சினில் பெல்ட்டை வெளியே வைக்காமல், எண்ணெயில் நனைந்து ஓடும்படி உள்ளே வைத்தார்கள். உராய்வு குறையும், சத்தமும் குறையும் என்பது எண்ணம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட்டையும், சில ஃபோகஸ் கார்களையும் சேர்த்து ஏறக்குறைய 1.4 லட்சம் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. ஆயில் பம்பைச் சுழற்றும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உடையக்கூடும் என்பது காரணம். அது உடைந்தால் ஆயில் அழுத்தம் போய்விடும், எஞ்சின் ஓடும்போதே நின்றுவிடலாம்.

இரண்டாவது, பிரான்சின் பியூஜோ, சிட்ரோன் கார்களில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் எஞ்சின். அதிலும் எண்ணெயில் நனையும் பெல்ட். சின்னச் சின்னப் பயணங்களில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாதபோது பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலக்கிறது. பெட்ரோல் கலந்த அந்த ஆயிலில் ரப்பர் ஊறி உப்பி, துகள் துகளாக உதிர்கிறது. அந்தத் துகள்கள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கின்றன. ஐரோப்பாவில் புகார்கள் குவிந்த பிறகு, தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் இந்தக் குறைக்கான உத்தரவாதத்தை 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் என்று நீட்ட வேண்டியதாயிற்று. டர்போ இல்லாத 1.2 பியூர்டெக்கிலும் இதே பெல்ட் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. டர்போ இல்லை என்பதற்காக ஓர் எஞ்சினை நம்பிவிடவும் முடியாது, டர்போ இருக்கிறது என்பதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது.

ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, 'டைமிங் செயினா, பெல்ட்டா? பெல்ட் என்றால் உலர்ந்ததா, எண்ணெயில் நனைவதா?' ஃப்ராங்க்ஸின் இரண்டு எஞ்சின்களிலும் செயின்தான். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1 லிட்டர் டி.எஸ்.ஐ.யில் உலர்ந்த பெல்ட். அது உரிய காலத்தில் பார்த்து மாற்ற வேண்டியது, அவ்வளவுதான்.

அடுத்தது, டர்போவைவிட நீண்ட நாள் தொந்தரவு தரக்கூடிய ஒன்று: பெட்ரோல் எங்கே தெளிக்கப்படுகிறது என்பது. ஃப்ராங்க்ஸின் 1.2 எஞ்சினில் பெட்ரோல் உள்ளிழுக்கும் வால்வுக்கு வெளியே, காற்றுப் பாதையில் தெளிக்கப்படுகிறது. அந்தப் பெட்ரோல் போகிற வழியில் வால்வைக் கழுவிக்கொண்டே போகிறது. 1 லிட்டர் பூஸ்டர்ஜெட்டில் இன்ஜெக்டர் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கிறது. இதனால் வெடிப்பு நேர்த்தியாகும், சிலிண்டருக்குள் சூடும் தணியும். ஆனால் வால்வின் முதுகில் ஒரு துளி பெட்ரோல்கூடப் படாது. எஞ்சினின் உள்ளிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி மட்டும் அங்கே வந்து ஒட்டும். அது சூட்டில் கரியாகிப் படிந்துகொண்டே போகும்.

எண்பதாயிரம், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டும்போது சில கார்களில் இதன் விளைவு தெரியவரும். காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் சற்று நேரம் உதறும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரியும். மைலேஜ் மெல்ல இறங்கும். எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் மிஸ்ஃபயர் என்று காட்டும். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் பாட்டிலைத்தான் இதற்குக் கடையில் முதலில் நீட்டுவார்கள். வால்வுப் பக்கம் பெட்ரோலே போகாத எஞ்சினில் அந்த பாட்டிலால் வால்வு சுத்தமாகாது. இன்ஜெக்டர் வேண்டுமானால் சுத்தமாகலாம். உண்மையான வழி, மேலுள்ள காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தோடு அடித்துக் கரியை உதிர்ப்பது. இதைச் செய்யத் தெரிந்த பட்டறை பக்கத்து ஊரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

எல்லா டர்போவும் நேரடித் தெளிப்பு அல்ல. ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட், ரெனோ கைகர் கார்களின் 1 லிட்டர் டர்போவும், டாடா நெக்ஸானின் 1.2 ரெவோட்ரான் டர்போவும் காற்றுப் பாதையில் தெளிக்கும் பழைய முறையிலேயே இருக்கின்றன. அவற்றில் வால்வுக் கரி பெரிய பிரச்சினை அல்ல. நீண்ட காலத்துக்கு டர்போதான் வேண்டும் என்று முடிவு செய்தவர், குதிரைத்திறனைவிட இந்த ஒரு விவரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊர் ஓட்டும் பழக்கம் ஒன்றும் இங்கே குறுக்கே வருகிறது. மைலேஜுக்காகச் சீக்கிரமே டாப் கியருக்கு மாற்றிவிட்டு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் முக்கினாலும் கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிப்பது. சாதாரண எஞ்சினில் இப்படிச் செய்தால் கார் முனகும், ஏறாது. ஓட்டுபவர் தானாகவே கியரைக் குறைத்துவிடுவார். டர்போவில் 2,000 சுற்றுக்குக் கீழேயே இழுவை வந்துவிடுவதால் கார் முனகாமல் ஏறிவிடும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. குறைந்த சுற்றும் அதிகச் சுமையும் சேரும் அந்த நேரத்தில், சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் எண்ணெய்த் துளியோ, உதிர்ந்த கரித் துணுக்கோ, பிளக் பொறி தட்டும் முன்பே தீப்பற்றிக்கொள்ளலாம். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு நடக்கிறது. அந்த அழுத்தத்தில் பிஸ்டனின் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்த எஞ்சின்கள் உண்டு.

2010களில் சின்ன டர்போக்கள் பெருகிய பிறகுதான் எண்ணெய்த் தொழில் இதைத் தீவிரமாக ஆராய்ந்தது. ஆயிலில் சுத்திகரிப்புக்காகச் சேர்க்கும் கால்சியம் இந்த முன்வெடிப்பைக் கூட்டுகிறது, மெக்னீசியத்துக்கு அந்தக் குணம் இல்லை என்று தெரியவந்தது. அதன்படி கலவையை மாற்றி, 2018-இல் எஸ்.என். பிளஸ் என்ற தரத்தையும், 2020-இல் எஸ்.பி. என்ற தரத்தையும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. கொண்டுவந்தது. ஆயில் கேனின் பின்பக்க வட்டச் சின்னத்தில் இந்த எழுத்துகள் இருக்கும். டர்போ காருக்கு எஸ்.பி.யோ அதைவிடப் புதிய தரமோ உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். வாரண்டி முடிந்து வெளிப் பட்டறைக்குப் போகத் தொடங்கும் ஏழாவது, எட்டாவது வருடத்தில்தான் இது தவறிப்போகிறது. அங்கே பெரிய டின்னிலிருந்து எல்லா காருக்கும் ஒரே ஆயிலை ஊற்றுவார்கள். பழைய வேகன் ஆர் அதைத் தாங்கிக்கொள்ளும். நேரடித் தெளிப்பு டர்போ தாங்காது. கேனை நாமே வாங்கிக்கொண்டு போவது ஒரு வழி.

ஆயில் மாற்றும் இடைவெளியும் இதோடு சேர்ந்தது. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று இருக்கும். டர்போவை நெடுங்காலம் வைத்திருப்பவர் அதை 7,500 கிலோமீட்டராகக் குறைத்துக்கொள்வது நல்லது. பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஆயிலில் பெட்ரோல் கலக்கிறதா என்று டிப்ஸ்டிக்கே சொல்லிவிடும். அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால், முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், உடனே மாற்ற வேண்டும். அத்துடன் வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் புறவழிச்சாலையில் ஓட்டினால் கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும்.

இனி பணக்கணக்கு. அரசு சோதனையில் மேனுவல் கியர் ஃப்ராங்க்ஸ் 1.2-க்கு லிட்டருக்கு 21.79 கிலோமீட்டர், டர்போவுக்கு 21.5. கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் சோதனைக்கூடத்தில் காரை மென்மையாகத்தான் ஓட்டுகிறார்கள். அப்போது டர்போ பெரும்பாலும் சும்மா இருக்கும், எஞ்சின் சின்னதாகவே நடந்துகொள்ளும். சாலையில் மிதிக்கும்போது டர்போ விழித்துக்கொள்கிறது, காற்றோடு பெட்ரோலும் சேர்ந்து உள்ளே போகிறது. கடுமையான சுமையில் சூட்டைத் தணிப்பதற்காகவே கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்களும் உண்டு. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2013-இல் பல சின்ன டர்போ கார்களைச் சாலையில் ஓட்டிப் பார்த்து, அதே வகைச் சாதாரண எஞ்சின் கார்களைவிட மைலேஜில் அவை தேறவில்லை என்று எழுதியதற்குக் காரணம் இதுதான்.

மாதம் 1,000 கிலோமீட்டர், பதினைந்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,80,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைப்போம். பெரும்பாலும் சென்னை, கோவை நெரிசலில் ஓடும் கார். சாதாரண எஞ்சின் 15, டர்போ 13 கிலோமீட்டர் தருவதாகக் கொண்டால், முன்னது 12,000 லிட்டரும் பின்னது 13,850 லிட்டர் அளவும் குடிக்கும். வித்தியாசம் 1.85 லட்சம் ரூபாய். ஆறு தடவை கூடுதலாக ஆயில் மாற்ற, தடவைக்கு 4,000 என்றால் 24,000 ரூபாய். வாங்கும்போது கொடுத்த கூடுதல் ஒரு லட்சத்தையும் சேர்த்தால், டர்போ ஒரு தடவைகூடப் பழுதாகாமலே மூன்று லட்சத்துக்கு மேல் ஆகிறது. அதே கார் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுகிறது, 19-க்கு 18 என்று தருகிறது என்றால் பெட்ரோல் வித்தியாசம் 53,000 ரூபாய்க்கு அருகில் நின்றுவிடும். அப்போது மொத்தக் கூடுதல் செலவு ஒன்றேமுக்கால் லட்சம் சொச்சம்தான். மைலேஜ் எண்களை அவரவர் ஓட்டும் பாதைக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நெரிசல் கூடக் கூட டர்போவின் கணக்கு மோசமாகும் என்ற போக்கு மாறாது.

அப்படியானால் டர்போ யாருக்கு? நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் குடியிருப்பவருக்கும், மாதத்துக்கு நாலு தடவை மலையேறுகிறவருக்கும் அது வெறும் ஆடம்பரம் அல்ல. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றைத் தானே இழுக்கும் எஞ்சின் தன் சக்தியிலும் அதே அளவை இழக்கிறது. சென்னையில் 90 குதிரைத்திறன் காட்டும் எஞ்சின் ஊட்டியில் எழுபது சொச்சம்தான் காட்டும். டர்போ சற்று வேகமாகச் சுழன்று அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். முழுச் சுமையோடு கொண்டை ஊசியிலிருந்து புறப்படும்போது, பின்னால் பஸ் நெருக்கி நிற்கும் நேரத்தில் இந்த வித்தியாசத்தின் மதிப்பு ரூபாயில் அடங்காது. இரு வழிச்சாலையில் லாரியை முந்த வேண்டிய அன்றாடப் பயணம் உள்ளவருக்கும் இதையே சொல்லலாம். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நேரம் குறைவது பாதுகாப்பு.

ஊருக்குள் ஓட்டம், எப்போதாவது திருச்சி, மதுரை, திருப்பதி என்று போய்வருவது, வெளிப் பட்டறை மெக்கானிக்கையே நம்பியிருப்பது, வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவது: இப்படிப்பட்ட குடும்பத்துக்கு 1.2 சாதாரண எஞ்சினே சரி. அது ஒரு சர்வீஸ் தள்ளிப்போனாலும் பொறுத்துக்கொள்ளும், மட்டமான ஆயிலையும் ஓரளவு தாங்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் அதைத் திறந்து பார்ப்பார். சரக்கு ஏற்றினால், ஏசி போட்டால் இழுவை குறைவது உண்மைதான். கியரைக் குறைத்து, சுற்றை ஏற்றி ஓட்டப் பழகிக்கொண்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். அந்த எஞ்சினைச் சுற்ற விட்டால் கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. 6,000 சுற்றில் முழு சக்தி தரும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

எஞ்சினைப் பார்க்கும்போது கியர்பாக்ஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் ஃப்ராங்க்ஸ் 1.2-இல் கிடைப்பது ஐந்து கியர் ஏ.எம்.டி. டர்போவில் கிடைப்பது ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர். மென்மையிலும் ஏற்றத்தில் பின்னால் நழுவாமல் புறப்படுவதிலும் இரண்டாவதுதான் மேல். பல வருடம் உழைத்துப் பெயர் எடுத்த வகையும் அதுதான். வேறு பல நிறுவனங்கள் தங்கள் டர்போவுக்கு ஆட்டோமேட்டிக்காக உலர்ந்த இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸைத் தருகின்றன. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் நகரத்தில் அந்தக் கிளட்ச் சூடாகித் தேய்வதுதான், டர்போ பழுதாவதைவிட, முதலில் வரக்கூடிய பெரிய செலவு. மேனுவல் வாங்குகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

முன்பணம் கட்டும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விற்பனைப் பிரிவில் கேட்காமல், அதே நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்குப் போய் மூன்று விலைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: முழு டர்போ, உயரழுத்தப் பெட்ரோல் பம்ப், ஒரு இன்ஜெக்டர். ஏழு எட்டு வருடம் பழைய மாடலுக்கு அதே பாகங்கள் எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்கள். 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது, ஈகோஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது. நீட்டித்த வாரண்டியை முதல் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். டர்போவை எடுப்பவர் அதை ஆறாம் வருடம் வரை வாங்கி, அதில் டர்போவும் உயரழுத்தப் பம்பும் சேர்ந்திருக்கின்றனவா என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆயில் மாற்றிய ஒவ்வொரு பில்லையும், ஆயிலின் பெயரும் தரமும் தெரியும்படி, ஒரு கோப்பில் வைத்திருந்தால் வாரண்டியில் பாகம் கேட்கும்போது நிறுவனம் மறுப்பதற்கு இடம் இருக்காது.